1978 எழுத்துச் சீர்திருத்தம் அச்சகங்களில் நடைமுறைக்கு வந்த விதம் (1975–1990): முனைவர் பட்ட ஆய்வு முன்வரைவு

பெறுநர்: ஆய்வுக் குழுத் தலைவர், நெறியாளர், குழு உறுப்பினர்கள்
அனுப்புநர்: பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வாளர், தமிழ்த்துறை
நோக்கம்: தலைப்பு, ஆய்வு எல்லை, வேலைத் திட்டம் ஆகியவற்றுக்கு ஒப்புதல் கோருதல்

ஆய்வுச் சிக்கல்

1978 அக்டோபரில், பெரியார் நூற்றாண்டையொட்டி, எம்.ஜி.ஆர். தலைமையிலான தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகளின் பழைய வடிவம் விலக்கப்பட்டு இன்றைய வடிவம் ஏற்கப்பட்டது. பாடநூல்களும் இலக்கிய வரலாறுகளும் இந்தச் செய்தியோடு நின்றுவிடுகின்றன. ஆணை வந்தது, எழுத்து மாறியது என்பதே நாம் படித்துவரும் வரலாறு.

ஆனால் 1980களில் அச்சான சிறு வெளியீடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. ஒரே பக்கத்தில், சில இடங்களில் ஒரே வரியில்கூட, பழைய னையும் புதிய னையும் சேர்ந்து வருகின்றன. துதிக்கை போல வளைந்து எழுத்தின் தலையோடு ஒட்டிய பழைய வடிவம் ஒரு சொல்லில் இருக்கும். இணைக்கொம்பு தனியாக முன்னே நிற்கும் புதிய வடிவம் அடுத்த சொல்லில் இருக்கும். எழுதியவர் ஒருவர், கட்டுரை ஒன்று, அச்சகமும் ஒன்றுதான். இந்தக் கலப்பு எப்படி வந்தது, எவ்வளவு காலம் நீடித்தது, எப்போது, எதனால் மறைந்தது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

புதிய அச்செழுத்து வாங்கச் சிறு அச்சகங்களிடம் பணம் இல்லை என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் பதில். அது பொருந்தாது என்று கருதுகிறேன். 13 எழுத்து என்று சொன்னாலும், ஈய எழுத்துகளைக் கையால் எடுத்துக் கோக்கும் கைக்கோப்பில் சிக்கலுக்குரிய பழைய அச்செழுத்துகள் ஏழுதான்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை. ஒகர, ஓகார வரிசைகள் ஆறும் பழைய ணா, றா, னாவுக்கு முன்னால் கொம்பு வைத்துக் கோத்தவை. இந்த ஏழுக்கும் பதிலாக வேண்டியவை ண, ற, ன, ல, ள, அப்புறம் கா-வில் வரும் துணைக்கால், கை-யில் வரும் இணைக்கொம்பு. இவை எல்லாமே, அச்செழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் கேஸில் ஏற்கெனவே இருந்தவை. ஒரு பைசா செலவில்லாமல் ஆணை வந்த மறுநாளே எந்த அச்சகமும் மாறியிருக்க முடியும். அதற்குச் சான்றும் உண்டு: பெரியாரின் ‘குடி அரசு’, ‘விடுதலை’ ஆகிய இதழ்கள் 1935 முதலே சீர்திருத்த எழுத்தில் வந்தன, அதுவும் ஈய எழுத்துக் காலத்தில்.

முடியாதது அல்ல என்றால், ஏன் உடனே நடக்கவில்லை? இரண்டு விளக்கங்களைச் சோதிக்க விரும்புகிறேன்.

முதலாவது, கையிருப்புப் பற்றாக்குறை. தமிழில் துணைக்காலும் இணைக்கொம்பும் மிக அதிகம் வரும் குறிகள். ‘என்னை’, ‘இல்லை’, ‘அண்ணா’ போன்ற சொற்களையும் புதிய முறையில் கோத்தால் கேஸில் அந்த அறைகள் சீக்கிரம் காலியாகும். அச்சிட்டு முடித்து எழுத்தைப் பிரித்து அறைகளில் போடும்வரை, பழைய னையை எடுத்துக் கோப்பதுதான் கம்பாசிடருக்கு ஒரே வழி. இரண்டாவது, கைப்பழக்கம். இருபது ஆண்டுகள் கேஸின் ஒரு மூலைக்குப் போன கை, ஆணையைப் படித்ததும் வேறு மூலைக்குப் போய்விடாது.

இரண்டையும் பிரித்தறிய முடியும் என்பதே இந்த ஆய்வு மீது எனக்குள்ள நம்பிக்கைக்குக் காரணம். பற்றாக்குறைதான் காரணம் என்றால், ஒரு பாரத்தில், அதாவது ஒரே தடவையில் சேர்ந்து அச்சேறும் பக்கத் தொகுதியில், முதலில் கோத்த பக்கங்களில் புதிய வடிவமும், கடைசியில் கோத்த பக்கங்களில் பழைய வடிவமும் மிகுந்திருக்க வேண்டும். பழக்கம்தான் காரணம் என்றால், பக்க வரிசையோடு தொடர்பின்றி, கோத்தவர் மாறும் இடத்தில் கலப்பின் அளவும் மாற வேண்டும். இரண்டும் இல்லாமல் கலப்பு ஒரு குறிப்பிட்ட இதழோடு சட்டென்று நின்றால், அங்கே ஆசிரியரோ மெய்ப்பு பார்ப்பவரோ முடிவெடுத்திருக்கிறார் என்று பொருள்.

நோக்கங்கள்

1. 1975 முதல் 1990 வரை அச்சான மூவகை வெளியீடுகளில் 13 எழுத்துகளின் பழைய, புதிய வடிவங்கள் எந்த விகிதத்தில் வந்தன என்பதை ஆண்டுவாரியாகக் கணக்கிடுதல்.
2. மேலே சொன்ன இரு விளக்கங்களையும் பாரம், பக்கம், வரி அளவில் சோதித்தல்.
3. 13 எழுத்துகளும் ஒன்றாக மாறினவா, ஐகார வரிசை ஒரு வேகத்திலும் ஆகார வரிசை இன்னொரு வேகத்திலும் மாறினவா என்று காணுதல்.
4. கம்பாசிடர்களும் மெய்ப்பு பார்த்தவர்களும் அந்த மாற்றத்தை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தல்.

நான்காவதைத் தள்ளிப்போட முடியாது. ஈய எழுத்தில் கைவேலை செய்தவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். காகிதச் சான்று நூலகத்தில் இன்னும் பல ஆண்டுகள் இருக்கும். இவர்கள் நினைவு அப்படிக் காத்திருக்காது. குழு வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதப்பட்டவை

நான் பார்த்தவரை, எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வேண்டும், வேண்டாம் என்ற வாதங்களாகவே உள்ளன. வீரமாமுனிவர் எகர, ஏகாரங்களையும் ஒகர, ஓகாரங்களையும் வேறுபடுத்தியதில் தொடங்கி, பெரியாரின் முயற்சி, அரசாணை என்று வரும் கருத்து வரலாறு ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதல் வரும் அச்சு வரலாற்றையும் பலர் எழுதியிருக்கிறார்கள். இவ்விரண்டும் சந்திக்கும் இடமான அச்சுக்கோப்பு மேசைதான் இந்த ஆய்வுக்குரிய களம்.

எல்லை

மூவகை வெளியீடுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் தமிழ்ப் பாடநூல்கள். ஆணை நேரடியாகக் கட்டுப்படுத்திய இடம் இது. இரண்டு, 1985 வரையாவது கைக்கோப்பில் அச்சாகி, தொகுதிகள் பெரிதும் முழுமையாகக் கிடைக்கும் ஆறு மாத இதழ்கள். மூன்று, திருமண அழைப்பிதழ்கள், கோயில் விழா அறிக்கைகள் போன்ற சில்லறை அச்சு வேலைகள், 250 எண்ணிக்கையில். இவற்றுக்கு யாரும் ஆணையிடவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் நாள் அச்சாகியிருக்கிறது, பெரும்பாலும் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கின்றன. ஊர்வாரியாக மாற்றத்தைக் காண இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நாளிதழ்களைச் சேர்க்கவில்லை. அவற்றில் இயந்திரக் கோப்பும் ஒளி அச்சுக்கோப்பும் இடையில் புகுந்துவிடுவதால், ஆணையால் வந்த மாற்றம் எது, இயந்திரத்தால் வந்த மாற்றம் எது என்று பிரிக்க முடியாமல் போகும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் அச்சுக்கு வேறு அரசுகள், வேறு காலக்கணக்கு. அது தனி ஆய்வுக்குரியது. ‘ஐ’யை ‘அய்’ என்று எழுதும் வழக்கம் எழுத்துக்கூட்டல் பற்றியது என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன். சீர்திருத்தம் நல்லதா என்ற கேள்விக்கு இந்த ஆய்வு பதில் தேடாது.

சான்றுகளும் முறையும்

சான்றுகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் முதன்மையாக நம்பியிருக்கிறேன். பின்னது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நூல்களைப் பெறும் நூலகம் என்பதால் பாடநூல்களுக்கும் இதழ்களுக்கும் ஏற்றது. அழைப்பிதழ்களைக் குடும்பங்களிடமிருந்தும் தனியார் சேகரிப்புகளிலிருந்தும் படமெடுப்பேன்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைக் குழு கவனிக்க வேண்டும். இணையத்தில் உள்ள தட்டச்சு வடிவ உரைகள் இந்த ஆய்வுக்குப் பயன்படாது. யூனிகோடில் ணை என்பது `U+0BA3 U+0BC8` என்ற ஒரே குறியீட்டு வரிசை. பழைய வடிவமா புதிய வடிவமா என்பது எழுத்துருவைப் பொறுத்தது. பழைய பக்கத்தை யாராவது தட்டச்சு செய்த நொடியிலேயே நமக்கு வேண்டிய சான்று அழிந்துவிடுகிறது. எழுத்துணரி மென்பொருளிலும் இதே கதைதான். ஆகவே பக்கப் படங்களைக் கண்ணால் பார்த்தே எண்ண வேண்டும். வேலை நீள்வதற்குக் காரணம் இதுதான்.

இதழ்களில் ஆண்டுக்கு நான்கு மாதங்கள், ஒவ்வோர் இதழிலும் ஒரு பாரத்தின் முதல் இரு பக்கங்களும் கடைசி இரு பக்கங்களும் எண்ணப்படும். ஒவ்வொரு தோற்றத்துக்கும் எழுத்து, வடிவம், பக்கம், வரி, வரியில் அதன் இடம் ஆகிய ஐந்தும் அட்டவணையில் ஏறும். பத்தில் ஒரு பக்கத்தை இன்னொருவர் தனியாக எண்ணுவார். வேறுபாடு நூற்றுக்கு இரண்டைத் தாண்டினால் அந்தத் தொகுதி முழுதும் மீண்டும் எண்ணப்படும். பக்க வரிசையே கோத்த வரிசை என்று எடுத்துக்கொள்வது சில அச்சகங்களில் தவறாகலாம். பக்கங்களைப் பலர் பங்கிட்டுக் கோக்கும் வழக்கம் இருந்தது. எனவே இந்தச் சோதனையை, வேலைப் பங்கீடு நேர்காணலில் உறுதியான இதழ்களுக்கு மட்டும் பயன்படுத்துவேன்.

மதுரை, சிவகாசி, திருச்சி, சென்னை ஆகிய நான்கு ஊர்களில் 20 பேரை நேர்காண எண்ணியிருக்கிறேன். வெறும் கேள்வி கேட்பதோடு நிற்காமல், பழைய கேஸ் இன்னும் இருக்கும் இடங்களில் ஒரு பத்தியைக் கோக்கச் சொல்லி, கை எந்த அறைக்குப் போகிறது என்று ஒளிப்பதிவு செய்வேன். என் தந்தையும் அச்சகத் தொழிலாளி என்பதால் சிலரை எளிதாக அணுக முடியும். ஆனால் அவருக்கு அறிமுகமானவர்கள் ஐந்து பேருக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்வேன்.

வேலைத் திட்டம்

மொத்தம் 36 மாதங்கள், ஜூலை 2026 முதல் ஜூன் 2029 வரை.

முதல் ஆறு மாதங்களில் இதழ் ஒன்றை மட்டும் எடுத்து எண்ணும் முறையைச் சோதித்து, முடிவைக் குழுவின் முன் வைப்பேன். முறை சரிப்படவில்லை என்றால் மாற்றுவதற்கு அதுதான் நேரம். அதே மாதங்களிலேயே நேர்காணல்களைத் தொடங்கி 2027 டிசம்பருக்குள் முடித்துவிடுவேன். வழக்கமாக நேர்காணல் இரண்டாம் ஆண்டுக்குப் போகும். தகவல் தருபவர்களின் வயதை எண்ணி முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஜனவரி 2027 முதல் ஜூன் 2028 வரை படமெடுப்பும் எண்ணிக்கையும். அடுத்த ஆறு மாதங்கள் பகுப்பாய்வு. 2029இன் முதல் பாதி எழுத்துப் பணிக்கு. இயல்கள் ஐந்து: ஆணையும் பின்னணியும், கேஸும் கையும், பாடநூல்கள், மாத இதழ்கள், சில்லறை அச்சு.

குழுவிடம் கோருபவை

தலைப்புக்கும் எல்லைக்கும் ஒப்புதல் வேண்டும். இரு நூலகங்களிலும் பக்கங்களைப் படமெடுக்கத் துறையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அழைப்பிதழ்களில் குடும்பப் பெயர்களும் முகவரிகளும் இருப்பதால், அவற்றை மறைத்தே ஆய்வேட்டில் வெளியிடுவேன். நேர்காணலுக்கான ஒப்புதல் படிவத்தின் தமிழ் வரைவை இத்துடன் இணைத்துள்ளேன். படிவத்தைப் படித்துக்காட்டி, வாய்மொழியாகப் பெறும் ஒப்புதலை ஒலிப்பதிவு செய்தால் போதுமா, கையொப்பம் கட்டாயமா என்பதைக் குழு இந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்தால், முதல் நேர்காணலை ஜூலையிலேயே தொடங்க முடியும்.