இரட்டைப் பீலி

பஸ்ஸின் கடைசி இருக்கையில் கிடந்த புகைப்படத்தை நடத்துநர் யோகராஜிடம் கொடுத்ததற்கு ஒரே காரணம், ஹட்டனில் அவனுக்கு ஸ்டூடியோ இருந்ததுதான். படம் தொலைந்தால் படக்காரனிடம்தான் வர வேண்டும் என்பது அவருடைய நியாயம்.

உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். லயத்துச் சுவரோரம் ஓர் இளம்பெண் நிற்கிறாள். அவளுக்கு முன்னால் எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலையோடு ஒரு சிறுமி. பக்கத்தில், முழங்கால் வரை தொங்கும் சட்டையில் ஒரு பையன். பையனின் தோளில் வளையல் போட்ட கை ஒன்று இருந்தது. அந்தக் கைக்கு உரியவள் படத்தில் இல்லை. அந்தப் பக்கத்தை யாரோ கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தார்கள்.

கல்யாணம், சடங்கு ஆல்பங்களிலேயே காலம் தள்ளுகிறவனுக்குப் பழைய படம் கிடைத்தால் கை சும்மா இருக்குமா? ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினான். முதலில் கீறல்கள் போயின. பெண்ணின் சேலை தாமரை நிறமானது. வெறுங்காதைப் பார்க்கப் பொறுக்காமல் தங்கத் தோடு போட்டுவிட்டான். புகை படிந்த சுவரை எடுத்துவிட்டு சென் கிளேயர் நீர்வீழ்ச்சியைக் கொண்டுவந்து வைத்தான். மூலையில் ஏதோ தண்ணீர்க் குழாயும் கல்லும் தெரிந்தன, அவையும் போயின. ஆளில்லாத கை எப்படியும் கண்ணை உறுத்தியது. அதையும் அழித்துத் தோளைச் சட்டைத் துணியால் நிரப்பினான். கடைசியில் முழுவதையும் எண்ணெய் ஓவியம்போல் மெழுகி, 'இவர்களைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று முகநூலில் போட்டான்.

பாராட்டு குவிந்தது. "அருமை அண்ணா" என்றார்கள். தங்கள் பாட்டியின் படத்துக்கு எவ்வளவு ஆகும் என்று இருவர் கேட்டார்கள். கனடாவிலிருந்து ஒருவர், இது எந்த நடிகை என்று விசாரித்தார். தெரிந்தவர் என்று ஒருவரும் வரவில்லை.

கடைக்குப் பின்னால் படங்களுக்குச் சட்டம் போடும் ஆறுமுகம் மாமா ஓவியத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழையதை எடு, பார்ப்போம்."

மூலப் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனவர் முகங்களைப் பார்க்கவே இல்லை. மூலையில் விரலை வைத்தார்.

"இரட்டைப் பீலிடா இது! ஒரே கல்லில் இரண்டு வாய். தலவாக்கலைக்கு மேலே எங்கள் அத்தை வாழ்க்கைப்பட்ட தோட்டத்தில்தான் இப்படி உண்டு. காலையில் அங்கே குடத்துக்கு நடக்கும் சண்டையை நீ பார்த்திருக்க வேண்டும்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு யோகராஜ் மலையேறினான். பீலி இன்னும் இருந்தது. ஒரு வாயில் மட்டும் தண்ணீர் வந்தது. துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் படத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்து, கடைசி லயத்துக்கு அனுப்பினார்கள்.

பழைய படத்தைக் கண்டதும் அந்தம்மாள் அதை வாங்கி முந்தானையால் துடைத்தார். படத்திலிருந்த சிறுமி அவர்தான். பேரன் வேலைக்குப் போகும் ஊரில் பெரிதாக்கலாம் என்று எடுத்துப் போனபோது தொலைந்ததாம்.

"இந்தக் கை யாருடையது அம்மா?"

"சின்னம்மாவுடையது. 1972இல் அவர்களுக்கு இந்தியாவுக்குப் பேர் வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை."

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டது, தோட்டத் தமிழர்களில் ஐந்தேகால் இலட்சம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று. அந்தக் கணக்கில் அக்காள் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் விழுந்தார்கள்.

"இருந்தது ஒரே படம். ஆளுக்குப் பாதி என்று அம்மாதான் வெட்டினாள். கையை வெட்டினால் தம்பியின் தோளும் போய்விடும் அல்லவா? அதனால் விட்டுவிட்டாள். ஹட்டனில் ஒப்பாரிக் கோச்சி ஏற்றிவிட்டோம். தலைமன்னார், அங்கிருந்து கப்பல். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாக ஒரு கடிதம் வந்தது. பிறகு இல்லை."

யோகராஜ் பையிலிருந்த ஓவியத்தை எடுப்பதா வேண்டாமா என்று தயங்கினான். பேரன் அதற்குள் உறையைத் திறந்துவிட்டான்.

"பாட்டி, அம்மாச்சியைப் பாருங்கள்! அருவியில் நிற்கிறார்கள்!"

அவர் வெகுநேரம் பார்த்தார்.

"அம்மாவுக்கு ஒரு தோடு இருந்தது. அடகுக்குப் போனது, திரும்பவே இல்லை. உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?"

அவன் பதில் சொல்லவில்லை. அவருடைய விரல் பையனின் தோளில் வந்து நின்றது.

"இங்கே ஒன்றும் இல்லையே?"

"அது... அழகாக இருக்கட்டும் என்று..."

"தோடு இருக்கட்டும். அருவியும் இருந்துவிட்டுப் போகட்டும். கையை வைத்துக் கொடுங்கள். வளையலோடு. எவ்வளவு ஆகும்?"

"காசெல்லாம் வேண்டாம் அம்மா."

"வாங்கிக்கொள்ளுங்கள். இனாமாகச் செய்யும் வேலை இழுத்துக்கொண்டே போகும்" என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார். "பொங்கலுக்குள் வேண்டும்."