பின்னாடி விட்டு வெட்டுங்க

அப்பா லோடு ஏற்றிக்கொண்டு போய் ஆறு நாள் ஆகியிருந்தது. நவராத்திரி நெருங்கினால் எங்கள் ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசிக்கு வடக்கே கிராக்கி அதிகம், விரதத்துக்கு அங்கே அதைத்தான் கிச்சடி செய்து சாப்பிடுவார்கள். சேகோ மில்லில் மூட்டை ஏற்றி, ஆண்டகளூர் கேட்டில் பெரிய ரோட்டைப் பிடித்தார் என்றால் பெங்களூரு தாண்டி, புனேயில் இறக்கி, நாசிக் போய் வெங்காயம் ஏற்றித் திரும்பி வர இரண்டு வாரம் ஓடிவிடும். என் தலைமுடி அதுவரைக்கும் காத்திருக்காது. வெள்ளிக்கிழமையே பி.டி. சார் என் காதுக்கு மேல் இருந்த முடியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டி, "திங்கக்கிழமை இது இருந்தா நீ கேட்டுக்கு வெளியே" என்று சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமையே போயிட்டு வந்துரு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இழுத்தீன்னா கடையும் இருக்காது" என்று அம்மா இருநூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார். தனியாகப் போவேனா என்று அவர் கேட்கவில்லை. பத்தாவது படிக்கிற பையனிடம் அதைக் கேட்க முடியாதுதான். ஆனால் பதினைந்து வயது வரைக்கும் நான் ஒரு தடவைகூட அப்பா இல்லாமல் சலூனுக்குப் போனதில்லை. அவர் எந்த ஊரில் இருந்தாலும் என் தலைக்கு மட்டும் நாள் கணக்கு வைத்திருப்பார். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், குளிக்கக்கூட இல்லாமல், "வாடா, தலை காடாட்டம் கெடக்குது" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

நாற்காலியின் கைப்பிடிகள் மேல் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு என்னை உட்கார வைத்த காலத்திலிருந்து, அப்பா நிற்கிற இடம் ஒன்றுதான். எனக்குப் பின்னால், கொஞ்சம் இடப்பக்கம். மற்ற அப்பாக்கள் பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தி படிப்பார்கள், இவர் உட்கார மாட்டார். துணியைக் கழுத்தில் கட்டும்போதே சொல்லிவிடுவார், "அண்ணா, பக்கம் ஒட்ட, முன்னாடி மீடியம், பின்னாடி விட்டு வெட்டுங்க." அந்தப் "பின்னாடி விட்டு" எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. என் வகுப்பில் எல்லாருக்கும் பிடரி மழமழவென்று இருக்கும், எனக்கு மட்டும் மயில்தோகை மாதிரி தொங்கும். எட்டாவது படிக்கும்போது சண்டைகூடப் போட்டிருக்கிறேன். எதற்கும் கோபப்படாத அந்த மனுசன் அன்றைக்கு மட்டும் "சொன்னாக் கேளு" என்று கத்தினார்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. அப்பா இல்லை. நான் சொல்வதுதான் வெட்டு.

கடையில் கூட்டம். உள்ளே நுழையாமல் ஒரு தடவை தாண்டிப் போய், பேக்கரி வரைக்கும் நடந்து திரும்பி வந்தேன். பெஞ்சில் நான்கு பேர். சலூன்காரர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்துவிட்டு, "வா கண்ணு, அப்பா வண்டிய நிறுத்துறாராக்கும்?" என்றார்.

"இல்லீங்க, நான் மட்டுந்தான்."

பெஞ்சில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை, பேப்பரை எடுத்தேன், வரி விளம்பரப் பக்கம் வந்தது, அதையே படித்தேன். எனக்குப் பிறகு வந்த ஒருத்தர் "சேவிங்தான் அண்ணா, அஞ்சு நிமிசம்" என்று நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். எனக்கு வாய் வரைக்கும் வந்தது, அப்புறம் உள்ளேயே போய்விட்டது. இரண்டாவதாக இன்னொருத்தர் அப்படியே எழுந்தபோது சலூன்காரரே துணியை உதறிக்கொண்டு, "உட்காருங்க, தம்பி முன்னாடியே வந்துட்டான்" என்றார். அந்தத் தம்பி நான்தான் என்று புரிய ஒரு நொடி ஆனது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார், சீப்பால் முடியை முன்னால் இழுத்து விட்டார், கண் மறைந்தது. அந்த இருட்டுக்குள்தான் கேள்வி வந்தது.

"எப்படி வெட்டட்டும்?"

பத்து நாளாக யோசித்து வைத்திருந்த பதில். போனில் படம்கூட எடுத்து வைத்திருந்தேன். ஆனால் போன் துணிக்கு அடியில், பாக்கெட்டில் இருந்தது, துணியைத் தூக்கி எடுக்கக் கூச்சமாக இருந்தது. "பக்கம் ஒட்டங்க" என்றேன். "முன்னாடி மீடியம்." கத்திரி காற்றில் இரண்டு தடவை சும்மா வெட்டிக்கொண்டு காத்திருந்தது. "பின்னாடியும் ஒட்டங்க. மிசின் போட்டுருங்க."

கத்திரிச் சத்தம் நின்றது.

"பின்னாடியுமா? அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"எனக்குத்தானுங்களே வெட்டறது" என்றேன். அப்படிப் பேசுவேன் என்று நானே நினைக்கவில்லை. அவர் கண்ணாடி வழியாக என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, "சரி" என்று மிசினை எடுத்துத் தட்டினார்.

பிடரியில் மிசின் ஏறுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கீழிருந்து மேலே, கீழிருந்து மேலே, எறும்புக் கூட்டம் ஊர்கிற மாதிரி. முடி கொத்துக் கொத்தாகத் தோளில் விழுந்து துணியில் சரிந்தது. கிருதாவைக் கத்தியால் சரி செய்தார், காது மடலைப் பிடித்து வளைத்து அதன் பின்னால் ஒரு கோடு இழுத்தார், படிகாரக் கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார், எரிந்தது. மீசையைப் பார்த்து, "இதை இன்னும் ஒரு வருசம் தொடாதே" என்றார், நான் கேட்கவே இல்லை. பவுடர் பிரஷால் கழுத்தைத் தட்டினார்.

கடைசியில் அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்து என் தலைக்குப் பின்னால் பிடித்தார். இத்தனை வருசமும் அந்தக் கண்ணாடியை அப்பாதான் பார்ப்பார். பார்த்து, தலையாட்டி, "போதுங்கண்ணா" என்பார். என் பின்தலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

முதலில் சுழி தெரிந்தது. அதற்குக் கீழே, வலது காதுக்கும் பிடரிக் குழிக்கும் நடுவில், ஒரு வெள்ளைக் கோடு. ஆட்காட்டி விரல் நீளம் இருக்கும். நேராக இல்லை, நடுவில் லேசாக வளைந்து, இரண்டு பக்கமும் தையல் போட்ட புள்ளிகளோடு, பூரான் படுத்திருக்கிற மாதிரி. அதன் மேல் ஒரு முடிகூட இல்லை.

அந்த மேடு எனக்குத் தெரியும். எண்ணெய் வைக்கும்போது விரலில் தட்டும். எல்லாருக்கும் மண்டை அங்கே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது என்னங்க?"

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டார். "உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்பது போலப் பெஞ்சைப் பார்த்தார். பிறகு என் கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"உனக்கு ரெண்டு வயசு இருக்கும். லாரி பார்க்கணும்னு அழுதியாம், கேபின்ல ஏத்தி உட்கார வச்சிருக்காரு. இறக்கும்போது கை நழுவிருச்சு. படிக்கட்டு இரும்பு பட்டுருச்சு. தையல் பிரிச்சப்புறம் இங்கதான் தூக்கிட்டு வந்தாரு, ஒரு பக்கம் சிரைச்சு ஒரு பக்கம் முடியோட இருந்த தலைய சமமாக்கச் சொல்லி. நீ பலகைல உட்கார்ந்து சிரிச்சிட்டு இருந்த. அவராலதான் நிக்க முடியல. அன்னைக்குச் சொன்னதுதான், பின்னாடி விட்டு வெட்டுங்கன்னு. நானும் இத்தனை வருசமா விட்டுத்தான் வெட்டறேன்."

எனக்கு எதுவும் பேச வரவில்லை. பழனிக்குப் போனபோது சித்தப்பா பையன்கள் மூன்று பேரும் மொட்டை போட, எனக்கு மட்டும் பூமுடி போதும் என்று அப்பா பிடிவாதமாக நின்றது ஞாபகம் வந்தது. நான் அன்றைக்கு முழுக்க அழுதேன், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொள்ள முடியவில்லையே என்று. பஸ்ஸில் வரும்போது அவர் என் பின்தலையில் கையை வைத்தபடியே வந்தார், தூங்குவதற்கு வசதியாகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"மூடறதுக்கு எத்தனை நாளுங்க ஆகும்?"

"அந்தக் கோட்டுல முளைக்காது கண்ணு. மேல இருக்கற முடி வளர்ந்து விழுந்தாத்தான் மறைக்கும். முழுசா மறைய ஒரு மாசம் புடிக்கும். கண்ணுக்கு உறுத்தாம இருக்கப் பத்து நாள்."

இருநூறைக் கொடுத்தேன். நூற்றிருபது எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்.

அம்மா பார்த்ததும் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்தார். முன்னால் வந்து பார்த்தார், சுற்றிப் பின்னால் போனார். அவர் விரல் அந்தக் கோட்டில் ஒரு தடவை போய் வந்தது. "சொல்லிட்டாரா அந்த அண்ணன்?" என்று மட்டும் கேட்டார். நான் தலையாட்டினேன். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த லாரியையே அப்புறம் ஓட்ட மாட்டேன்னுட்டாரு. வேற முதலாளிகிட்ட மாறிட்டாரு" என்று சட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

ராத்திரி ஒன்பதரைக்கு அப்பா வீடியோவில் கூப்பிட்டார். ஏதோ தாபா வாசல், கயிற்றுக் கட்டில், பின்னால் லாரிகள் வரிசையாக நின்றன. தாடி வளர்ந்திருந்தது.

"வெட்டிட்டியா? நீயே போய்ட்டு வந்தியா?" அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லா இருக்குதுடா. எங்கே, திரும்பு, பின்னாடி பார்க்கலாம்."

நான் சுவரோடு இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டேன்.

"எப்பவும் போலத்தாம்ப்பா. பின்னாடி விட்டுத்தான் வெட்டினாரு."

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. படம் ஒரு நொடி உறைந்து மறுபடியும் அசைந்தது. "சொன்னியா அவருகிட்ட?" என்றார்.

"சொன்னேம்ப்பா."

"சரி சாமி" என்றார். மூச்சு விட்டது போனில் கேட்டது. "இங்க வெங்காயம் இன்னும் ஏறல. மார்க்கெட்டுல வண்டி நிறைய நிக்குது. நான் வர அடுத்த வியாழக்கிழமை ஆயிரும். அம்மாகிட்டச் சொல்லிரு."

வைத்த பிறகு காலண்டர் முன்னால் போய் நின்றேன். இன்றைக்கு ஞாயிறு. வியாழன், அதற்கு அடுத்த வியாழன். பதினொரு நாள் இருந்தது. சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெயை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, பின்னால் கையைக் கொண்டுபோய் மெதுவாகத் தேய்த்தேன்.