சிஎம்ஏ ஃபைனல் கிளியர், கிரெடிட் மொத்தமும் எங்க வீட்டுக்கு

சிஎம்ஏ, அதான் காஸ்ட் அக்கவுன்டன்ட் ஆவுற பரீட்சை, அதோட ரிசல்ட் வந்துடுச்சு மக்களே, ரெண்டாவது குரூப்பும் பாஸ். 8 பேப்பரும் முடிஞ்சிது. போன்ல எல்லாரும் "நைட்டு வேலைக்கும் போயிட்டு எப்டிடா படிச்ச"ன்னு கேக்குறீங்க, ஆளுக்கு ஒரு தடவ சொல்லி தொண்ட போச்சு, அதான் இங்க போட்டுடுறேன்.

மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல கேட் ஆபீஸ் வேல, நைட்டு 8 மணிக்கு உள்ள போனா காலைல 8 மணிக்கு தான் வெளிய. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ட்ரெய்லர் லைன் கட்டி நிக்குறத தாண்டி தண்டையார்பேட்டை வந்து சேரும்போது கண்ணுல மண்ணு போட்ட மாதிரி இருக்கும். எங்க வீடு ஒரு ரூம் ஒரு சமையக்கட்டு, அவ்ளோ தான். அதுல ஒருத்தன் பகல்ல தூங்கணும்னா மீதி நாலு பேருக்கு வீடே கெடையாது. நான் ராத்திரிய விட்டதுக்காச்சும் சம்பளம் வந்துச்சு, அவங்க பகல விட்டதுக்கு யார் குடுத்தா?

அம்மா வீட்லயே இட்லி மாவு ஆட்டி விக்குறாங்க, தெருவுக்கே தெரியும். முன்னாடிலாம் காலைல தான் ஆட்டுவாங்க. கிரைண்டர் சத்தத்துல நான் பொரண்டு பொரண்டு படுக்குறத பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லாம, நான் ட்யூட்டிக்கு போன அப்புறம் ராத்திரில ஆட்ட ஆரம்பிச்சிட்டாங்க. இது எனக்கு ரொம்ப நாள் தெரியவே தெரியாது, பக்கத்து வீட்டு அக்கா சொல்லி தான் தெரியும். எனக்கு நைட் ஷிப்ட் அலவன்ஸ் உண்டு, அம்மாவுக்கு அதுவும் இல்ல.

ஆயாவுக்கு காது கொஞ்சம் மந்தம், டிவி சீரியல் புல் சவுண்டுல வெச்சா தான் கேக்கும். நான் படுத்துட்டா சவுண்ட மொத்தமா ஆஃப் பண்ணிட்டு மூஞ்சிய மட்டும் பாத்து கதைய அவங்களே உட்டு அடிப்பாங்க. சாயந்தரம் எழுந்தா "அந்த மருமவ வெஷம் வெச்சிட்டாடா"ன்னு சொல்வாங்க, அவ பாவம் காபி தான் போட்டிருப்பா.

தம்பி கேரம் ஆடுறவன், நம்ம ஏரியால அது வெளயாட்டு மட்டும் இல்லன்னு உங்களுக்கே தெரியும், டோர்னமென்ட் இருந்தா தெனமும் பிராக்டிஸ் பண்ணியே ஆவணும். ஸ்ட்ரைக்கர் டொக்கு டொக்குன்னு அடிச்சா நான் எழுந்துடுவேன்னு அவ்ளோ பெரிய போர்ட தலைல வெச்சினு ரெண்டு தெரு தள்ளி பிரெண்டு வீட்டு மாடிக்கு போவான். ஒரு நாளும் மூஞ்ச காட்டல. மூணாவது வீட்டு பெரிம்மா அடி பம்புல தண்ணி அடிக்குறத நான் எழுந்தப்புறம் வெச்சிக்கிட்டாங்க, ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது கோயில் அண்ணன் கோன் ஸ்பீக்கர எங்க வீட்டுப் பக்கம் கட்டாம மெயின் ரோட்ட பாத்து திருப்பி கட்னாரு. இதெல்லாம் நான் கேட்டு செஞ்சது இல்ல.

வேல எடத்துல எக்ஸாமுக்கு லீவு கேட்டா ஆள் இல்லன்னு சொல்லிட்டாங்க, அத பத்தி பேச இஷ்டமில்ல. என்கூட நைட்டு பாக்குற மச்சான் தான் எக்ஸாம் நேரத்துல அவன் வேலயோட என் வேலயயும் சேத்து பாத்தான். அதுக்கு பதிலா தீபாவளி நைட்டு அவனுக்காக நான் நின்னேன், ஆனாலும் கணக்கு நேராவல. சாதா நாள்லயே ரெண்டு மணிக்கு மேல வண்டி கொறஞ்சா "நீ படி, கேட்ட நான் பாத்துக்குறேன்"னு சொல்லுவான். இன்டைரக்ட் டாக்ஸ்ல கஸ்டம்ஸ் சாப்டர் எனக்கு ஈஸியா போனதுக்கு காரணமே அந்த கேட்டு தான், பில் ஆஃப் என்ட்ரி, அவுட் ஆஃப் சார்ஜ் எல்லாம் தெனம் கைல புரள்ற பேப்பர். கார்ப்பரேட் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் தான் உயிர எடுத்துச்சு. ஒவ்வொரு பேப்பர்லயும் 40 எடுத்தா மட்டும் போதாது, குரூப்புக்கு மொத்தமா 50 சதவீதம் வேணும், அதனால எத விட்டாலும் ஆப்பு.

நைனா பத்தி எழுதுனா திட்டுவாரு. எக்ஸாம் நாள்ல ஸ்கூல் சவாரிய வேற ஆட்டோக்கு குடுத்துட்டு என்ன கொண்டு போய் சென்டர்ல விட்டாரு, எழுதி முடிக்குற வரைக்கும் வெளிலயே நின்னாரு, இத மட்டும் சொல்லிக்குறேன்.

ஞாயித்துக்கெழம காசிமேட்டுல போய் வஞ்சிரம் வாங்குறோம், தெரிஞ்சவங்க எல்லாம் மத்தியானம் வீட்டுக்கு வாங்க, எடம் பத்தலன்னா தெருவுல உக்காந்துக்கலாம். அப்புறம் ஃபைனல் எழுதுற தம்பி தங்கச்சிங்க யாருக்காச்சும் என் நோட்ஸ் வேணும்னா மெசேஜ் பண்ணுங்க, சும்மாவே தரேன். டாக்ஸ் ரெண்டுக்கும் மட்டும் புது அமெண்ட்மெண்ட் நீங்களே பாத்து சேத்துக்கணும்.

#சிஎம்ஏஃபைனல் #நைட்ஷிப்ட் #தண்டையார்பேட்டை #அம்மாமாவுக்கடை