பொருள்: விபத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது? டெலிவரி ஊழியர்களுக்கு நேர்காணல் அழைப்பு

வணக்கம்.

டீக்கடைகளிலும் பஞ்சர் கடைகளிலும் ஒட்டியிருந்த எங்கள் நோட்டீஸின் கியூஆர் கோடு வழியாக, "விவரம் அனுப்புங்கள்" என்று உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தீர்கள். நிறுவனத்திடமோ சங்கத்திடமோ யார் பட்டியலையும் நாங்கள் வாங்கவில்லை. இந்த மடல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வருகிறது. உங்கள் முகவரி வேறு யாருக்கும் தெரியாது.

சென்னையில் உணவு, மளிகை டெலிவரி செய்பவர்கள் வேலை நேரத்தில் விபத்தில் சிக்கினால் அடுத்த சில மாதங்கள் எப்படிப் போகின்றன என்பதே ஆய்வு. விபத்து ஏன் நடந்தது, யார் மேல் தப்பு என்பது எங்கள் கேள்வி இல்லை. உங்களைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியது யார், கையில் இருந்த ஆர்டர் என்ன ஆனது, ஆஸ்பத்திரியில் முதலில் யார் பணம் கட்டினார்கள், வேலைக்குப் போகாத நாட்களில் வீடு எப்படி நடந்தது, திரும்பி வந்தபோது ஐடி இருந்ததா, இவற்றைத்தான் கேட்போம்.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கும். ஆர்டர் கையில் இருக்கும்போது விழுந்தால் ஒரு கணக்கு, கொடுத்துவிட்டுத் திரும்பும்போது விழுந்தால் வேறு கணக்கா? வெள்ளை நம்பர் பிளேட் வண்டி என்பதால் கிளெய்மில் சிக்கல் வந்ததா? எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில் ஆகியவற்றில் எது இல்லாமல் விண்ணப்பம் நின்றது? முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் உங்களுக்குக் கிடைத்ததா? 2023 டிசம்பரில் அமைந்த கிக் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? திட்டங்கள் தாளில் இருக்கின்றன. அவை அடிபட்டவர் கைக்கு எந்த இடத்தில் வந்து சேராமல் போகின்றன என்பதை அனுபவப்பட்டவர்கள்தான் சொல்ல முடியும்.

18 வயது நிரம்பி, சென்னையில் குறைந்தது 6 மாதம் பைக்கிலோ சைக்கிளிலோ டெலிவரி செய்து, கடந்த 3 ஆண்டுகளில் வேலை நேரத்தில் விழுந்து குறைந்தது 2 நாள் வேலைக்குப் போக முடியாமல் இருந்தவர் யாரும் பேசலாம். ஐடி பிளாக் ஆனவர்களும் வேலையை விட்டுவிட்டவர்களும் கட்டாயம் வேண்டும். அவர்களை விட்டுவிட்டால், அடிபட்டும் தாக்குப்பிடித்தவர்களின் கதை மட்டுமே ஆய்வில் மிஞ்சும். மொத்தம் 30 பேரிடம் பேசுகிறோம்.

பேச்சு 60 முதல் 75 நிமிடம் ஆகும். மதிய ரஷ் முடிந்து இரவு ரஷ் தொடங்குவதற்கு முந்தைய 3 முதல் 5 மணி, அல்லது உங்கள் லீவு நாள், எது வசதியோ அது. ஆர்டருக்குக் காத்திருக்கும் இடைவெளியில் பேச வேண்டாம். பாதியில் ஆர்டர் விழும், அவசரத்தில் முக்கியமானது விடுபட்டுப் போகும். அதைவிட முக்கியம்: ஆப் லாகினில் இருந்தால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது பதிவாகும். அதனால் கிளம்புவதற்கு முன்பே லாக்அவுட் செய்துவிடுங்கள். உங்கள் ஏரியாவுக்கு வெளியே, நீங்கள் சொல்லும் இடத்துக்கு நான் வருகிறேன். போனிலும் பேசலாம், வண்டி ஓட்டிக்கொண்டு மட்டும் வேண்டாம்.

உங்கள் நேரத்துக்கு 600 ரூபாய் தருகிறோம். பாதியில் எழுந்து போனாலும் முழுத் தொகை உண்டு. இதில் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். பணம் கொடுத்ததற்கான வவுச்சரில் உங்கள் பெயரும் கையெழுத்தும் வேண்டும், அது பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் இருக்கும். நீங்கள் சொன்ன எதுவும் அதில் இருக்காது. ஆனால் ஆய்வில் கலந்துகொண்டீர்கள் என்பது அதில் தெரியும். யுபிஐயில் அனுப்பினால் வங்கிப் பதிவும் சேரும் என்பதால் ரொக்கமாகவே தருகிறோம். வவுச்சரே வேண்டாம் என்றால் பணமில்லாமலும் பேசலாம்.

ஒப்புதல் படிவத்தை இணைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். நேரில் அதை வரிவரியாக வாசித்துக் காட்டிய பிறகே தொடங்குவோம். அதில் மூன்று கேள்விகள் தனித்தனியாக இருக்கும்: குரலைப் பதிவு செய்யலாமா, உங்கள் வார்த்தைகளைப் பெயரில்லாமல் மேற்கோளாகப் போடலாமா, பிறகு மறுபடி தொடர்பு கொள்ளலாமா. ஒன்றுக்குச் சரி என்று சொல்லி மற்றதை மறுக்கலாம். பதிவு வேண்டாம் என்றால் குறிப்பு மட்டும் எடுப்பேன். கையெழுத்துப் போடத் தயக்கமாக இருந்தால் வாய்மொழி ஒப்புதல் போதும் என்று நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறது. எந்தக் கேள்வியையும் காரணம் சொல்லாமல் தவிர்க்கலாம். பேசிய பிறகு மனம் மாறினால் 21 நாட்களுக்குள் ஒரு வரி எழுதுங்கள், பதிவையும் எழுத்துப் பிரதியையும் அழித்துவிடுவேன். அதன்பின் பலர் சொன்னதும் பகுப்பாய்வில் கலந்துவிடும், தனியே பிரித்தெடுக்க முடியாது.

பதிவுக்குத் தனி ரெக்கார்டர்தான், போன் இல்லை. போனில் எடுத்தால் நமக்குத் தெரியாமலே கிளவுடில் ஏறிவிடும். எழுத்தாக்குவதும் நானே. எழுத்துப் பிரதி சரிபார்த்ததும் குரல் பதிவு அழிக்கப்படும். பிரதி 5 ஆண்டுகள் கடவுச்சொல் போட்ட வட்டில் இருக்கும். உங்கள் பெயரையும் பிரதியின் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் தாள் வேறு அலமாரியில் பூட்டி வைக்கப்படும்.

பெயரை மாற்றினால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். "வேளச்சேரியில் நைட் ஷிப்ட் ஓட்டும் பெண், தீபாவளி வாரத்தில் கால் முறிந்தது" என்று எழுதினால், அங்கே ஓட்டும் எல்லோருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் ஏரியா, ஆஸ்பத்திரி, மாதம், வண்டி ஆகியவற்றையும் நீக்குவோம் அல்லது மாற்றுவோம். பெண் ஓட்டுநர்கள் குறைவு என்பதால் அவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. உங்கள் மேற்கோளை அச்சுக்கு முன் பார்க்க விரும்பினால் அனுப்புகிறேன்.

சில இடங்களில் எங்களால் உறுதி தர முடியாது. நீதிமன்றம் ஆவணம் கேட்டு உத்தரவிட்டால் மறுக்க முடியாது. வக்கீலிடம் சொல்வதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு ஆய்வாளரிடம் சொல்வதற்கு இல்லை. ஆகவே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்கள் வழக்கு நடந்துகொண்டிருந்தால், முதலில் உங்கள் வக்கீலைக் கேளுங்கள். விபத்து எப்படி நடந்தது என்ற பகுதியை முழுவதுமாக விட்டுவிட்டும் பேசலாம். குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்ய வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

நடந்ததை மறுபடி சொல்லும்போது மனசு கலங்கலாம். உடனே நிறுத்திக்கொள்ளலாம். பிறகும் பாரமாக இருந்தால் டெலிமானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

பேசினால் ஐடி திரும்பக் கிடைக்கும், கிளெய்ம் பாஸாகும் என்று எதையும் எங்களால் வாக்குக் கொடுக்க முடியாது. பேசாவிட்டால் நஷ்டமும் இல்லை. ஆய்வுக்கான செலவு பல்கலைக்கழக உதவித்தொகையிலிருந்து வருகிறது. எந்த டெலிவரி நிறுவனமும் இதற்குப் பணம் தரவில்லை.

கலந்துகொள்ள விருப்பமென்றால் ஆகஸ்ட் 14-க்குள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள். வசதியான இரண்டு நேரங்கள், நேரிலா போனிலா, கூப்பிட வேண்டிய எண், இவ்வளவு போதும். விபத்து விவரத்தை மடலில் எழுத வேண்டாம். நிறுவனம் கொடுத்த மின்னஞ்சலிலிருந்தும் எழுத வேண்டாம். வரும்போது பில், கிளெய்ம் கடிதம் இருந்தால் காட்டலாம், நகல் எடுக்க மாட்டேன். ஸ்கிரீன்ஷாட் காட்டினால் கஸ்டமர் பெயர், முகவரி, போன் எண்ணை மறைத்துவிடுங்கள். வேறு நண்பருக்குச் சொல்ல நினைத்தால் நேரில் சொல்லுங்கள். டீம் லீடரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போட வேண்டாம்.

பதில் வராவிட்டால் மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன், உங்கள் முகவரியும் ஆகஸ்ட் இறுதியில் நீக்கப்படும். என் மீது புகார் இருந்தால் நெறிமுறைக் குழுவைக் கூப்பிடலாம், எண் படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

நன்றி.

கயல்விழி
முனைவர் பட்ட ஆய்வாளர், சமூகப்பணித் துறை

இணைப்பு: ஒப்புதல் படிவம், 2 பக்கம்