டெப்பில் காணாமற்போன ஒப்படைகளை மீட்டெடுத்தல்: பெற்றோருக்கான வழிகாட்டி

பிள்ளையின் ஒப்படை கூகுள் கிளாஸ்ரூமில் தெரியவில்லை என்றவுடன் செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவ வேண்டாம். டெப்பின் அமைப்புகளுக்குள் சென்று Clear storage என்பதையும் அழுத்த வேண்டாம். இணையம் இல்லாத நேரத்தில் செய்த வேலை, பதிவேறும் வரை அந்த டெப்பில் மட்டுமே இருக்கும் என்பதால், இவ்விரண்டில் எதைச் செய்தாலும் மீட்கக்கூடியதாக இருந்த வேலை உண்மையாகவே அழிந்துவிடக்கூடும்.

அடுத்ததாகக் கணக்கைச் சரிபாருங்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தரம் 8இல் கற்கும் மகளும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகனும் ஒரே டெப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, மறுநாள் கையளிக்க வேண்டிய புவியியல் ஒப்படையைக் காணவில்லை என்று மகள் அழுதுகொண்டு வந்து நின்றாள். திரையின் வலப்பக்க மேல்மூலையில் உள்ள சிறிய வட்டத்தில் அவளுடைய பெயரின் முதலெழுத்துக்குப் பதிலாக அண்ணனுடைய எழுத்து இருந்தது. வட்டத்தைத் தொட்டு அவளுடைய கணக்கைத் தெரிவுசெய்ததும், மழைவீழ்ச்சி வரைபடம் உட்பட அனைத்தும் இருந்த இடத்திலேயே இருந்தன. பாடசாலை தந்த மின்னஞ்சல் ஒன்றும் வீட்டில் திறந்த ஜிமெயில் ஒன்றுமாக இரண்டு கணக்குகள் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது நேரும். ஆகவே இரண்டிலும் தேடுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் வகுப்பே தென்படவில்லையென்றால், தவணை முடிவில் ஆசிரியர் அதை ஆவணப்படுத்தியிருக்கலாம். இடப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு Archived classes என்பதில் பாருங்கள். பிள்ளை தவறுதலாக வகுப்பிலிருந்து விலகியிருந்தாலும், அவர் உருவாக்கிய கோப்புகள் கூகுள் டிரைவில் Classroom என்ற கோப்புறைக்குள் இருக்கும்.

டிரைவில் தேடுவதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் கோப்புக்குத் தலைப்பு இடுவதில்லை. ஆதலால் பாடத்தின் பெயரோடு நின்றுவிடாமல், Untitled என்றும், ஒப்படைக்குள் எழுதியதாக நினைவிருக்கும் ஒரு சொல்லைக் கொண்டும் தேடிப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் Trash பகுதியைத் திறவுங்கள். நீக்கப்பட்ட கோப்பு அங்கு 30 நாட்கள் இருக்கும். அதன் அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Restore கொடுத்தால் திரும்பிவிடும். கோப்பு இருந்தும் உள்ளே வெறுமையாக இருந்தால், அதைக் கணினியில் திறந்து, File பட்டியலில் Version history வழியாக முந்தைய நாளின் பிரதியை எடுக்கலாம். முழுப் பக்கத்தையும் தெரிவுசெய்த நிலையில் தவறுதலாக ஓர் எழுத்தைத் தட்டிவிட்ட பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

டெப்பில் செய்த வேலை வேறெங்கும் தென்படாவிட்டால், அது இன்னும் பதிவேறாமல் இருக்கக்கூடும். டிரைவின் அமைப்புகளில் Transfer files only over Wi-Fi என்பது இயக்கத்தில் இருந்தால், மொபைல் டேட்டாவில் எதுவும் மேலேறாது. அயல்வீட்டு வைஃபையை ஒரு மணிநேரம் கேட்டு வாங்கியாவது செயலியைத் திறந்தபடி வைத்திருங்கள்.

நம் பிள்ளைகள் பலர் கொப்பியில் எழுதிப் படம் பிடித்தே அனுப்புகிறார்கள். அந்தப் படம் அழிந்திருந்தால் கூகுள் போட்டோஸின் Trash பகுதியைப் பாருங்கள். சேமிப்பில் ஏறிய படங்கள் அங்கு 60 நாட்கள் வரை இருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியிருந்தால் அங்கிருந்தும் எடுக்கலாம். கொப்பியே கையில் இருந்தால் மீண்டும் படம் பிடிப்பதுதான் மிக விரைவான வழி.

கோப்பு டிரைவின் Trash பகுதியிலிருந்தும் அழிந்திருந்தால், அது பாடசாலைக் கணக்காயின், அழிந்த நாளிலிருந்து 25 நாட்களுக்குள் பாடசாலையின் கணக்கு நிர்வாகியால் மீட்க முடியும். அந்தக் காலம் ஓடிக்கொண்டிருப்பதால் அன்றிரவே ஆசிரியருக்கு எழுதுங்கள். பிள்ளை பொய் சொல்கிறது என்ற எண்ணம் எழ இடமளிக்காமல், நாளையும் நேரத்தையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு வணக்கம். தரம் 8இல் கற்கும் என் மகள் வெள்ளிக்கிழமை மாலை 6 மணியளவில் செய்து முடித்த புவியியல் ஒப்படை இன்று அவளுடைய பாடசாலைக் கணக்கில் காணப்படவில்லை. டிரைவிலும் அதன் Trash பகுதியிலும் தேடிவிட்டோம். தங்களிடம் அது கையளிக்கப்பட்டதாகத் தெரிகிறதா என்று தயவுசெய்து பார்த்துக் கூறுங்கள். இல்லையெனில், கணக்கு நிர்வாகி மூலம் மீட்க உதவுமாறும், அதுவரை இரண்டு நாள் அவகாசம் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கொப்பியில் உள்ள குறிப்புகளின் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்."

ஆசிரியரின் பதில் வரும்வரை, ஏற்கெனவே Turned in என்று காட்டும் எந்த ஒப்படையிலும் Unsubmit அழுத்த வேண்டாம். இறுதித் திகதி கடந்த பின் திரும்பக் கையளித்தால் அது தாமதமானதாகவே பதிவாகும்.