தொகுப்புரை

அரையிறுதியின் தலைப்பைப் பார்த்ததுமே கபிலனுக்கு வயிற்றைப் பிசைந்தது: 'மாணவர் குறைந்த தோட்டத் தமிழ்ப்பள்ளிகளை மக்கள் குடியேறிய இடத்துக்கு மாற்ற வேண்டும்.' அவன் வெட்டிப் பேசும் அணியின் தலைவன். தொகுப்புரையும் அவனுடையதுதான்.

ஒட்டிப் பேசிய யாழினி கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. "ரப்பர் போய் செம்பனை வந்தது. பால் வெட்டத் தேவைப்பட்ட அளவு ஆள் செம்பனைக்குத் தேவையில்லை. லயங்கள் காலியாகின, பிள்ளைகள் தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டார்கள். பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. மூன்றாம் ஆண்டையும் நான்காம் ஆண்டையும் ஒரே அறையில் வைத்து ஒரே ஆசிரியர் நடத்துகிறார். பள்ளியை மூடச் சொல்லவில்லை. பெயரும் உரிமமும் அப்படியே இருக்கட்டும். கட்டடம் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் போகட்டும்" என்றாள்.

கபிலனின் குறிப்பட்டையில் எழுத ஒன்றுமில்லை. அவன் தம்பி அகிலன் படிப்பதே அப்படி ஒரு வகுப்பில்தான்.

தொகுப்புரைக்கு எழுந்தான். முன்வரிசையில் தோட்டத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு தானாக வந்தது.

"எதிரணித் தலைவி என்ன சொல்கிறார்? நம் தாத்தா பாட்டி ஒரு வெள்ளி இரண்டு வெள்ளியாகச் சேர்த்து எழுப்பிய பள்ளியை இழுத்து மூடு என்கிறார்! பட்டணத்தில் வளர்ந்தவருக்குத் தோட்டத்து மண்ணின் அருமை எப்படித் தெரியும்?"

மண்டபம் அதிர்ந்தது. யாழினி நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து "நான் அப்படிச் சொல்லவே..." என்றாள். மணி அடித்துவிட்டார்கள். தொகுப்புரைக்குப் பிறகு மறுப்புக்கு இடமில்லை, அது அவனுக்கும் தெரியும். ஒரு நீதிபதி வித்தியாசத்தில் வெற்றி. சிறந்த பேச்சாளர் கோப்பையும் அவனுக்குத்தான்.

திரும்பும் வேனில் பயிற்சி ஆசிரியை மட்டும் கைகுலுக்கவில்லை. "அவ சொல்லாதத சொன்னதா வைக்கோல் பொம்மை செஞ்சு அடிச்சிருக்கப்பா. அவ சொன்னதுக்கு ஒரு பதிலும் சொல்லல. அதோட விட்டியா, ஆளையும் அடிச்ச" என்றார். கபிலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெயிச்சாச்சு, அப்புறம் என்ன?

அகிலன் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் அடுத்த மாதம் நடந்தது. தாமானை ஒட்டிப் பள்ளிக்கு ஒரு நிலம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது, விண்ணப்பிக்கலாமா என்பதுதான் பேச்சு. தலைமையாசிரியர் கணக்கைச் சொல்லத் தொடங்கினார்: மொத்தம் 22 பிள்ளைகள், அதில் பெரும்பாலோர் தாமானிலிருந்து வருகிறவர்கள். அதற்குள் ராமையா மாமா எழுந்தார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அந்தப் பள்ளியிலேயே படித்தவர்.

"நம்ம கபிலன் மேடையில என்ன சொன்னான்? தாத்தா பாட்டி ஒரு வெள்ளி ரெண்டு வெள்ளியா சேர்த்துக் கட்டுனத இழுத்து மூடுறதான்னு கேட்டான்ல? அதான் என் பேச்சும்."

கைதட்டினார்கள். மூடுவதைப் பற்றி அங்கே யாரும் பேசியிருக்கவே இல்லை. கைகள் உயர்ந்தன, விண்ணப்பம் வேண்டாம் என்று முடிவானது. கபிலனின் அம்மாவும் மகனைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே கை தூக்கினாள். அவன் தூணோரம் வாய் திறக்காமல் நின்றான்.

அன்றிரவு அகிலன் கணக்குப் புத்தகத்தோடு வந்தான். பின்னக் கணக்கு அரைகுறையாக நின்றது. "இதுக்குள்ள டீச்சர் மூணாம் ஆண்டு பக்கம் போயிட்டாங்கண்ணே" என்றான். குறை சொல்லும் குரல்கூட இல்லை. வகுப்பென்றால் அப்படித்தான் என்று நினைக்கிற பிள்ளை.

பின்னத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கபிலன் ஆசிரியையிடம் யாழினியின் எண்ணைக் கேட்டு வாங்கினான். மன்னிப்புக் கேட்டு எழுதினான். அவள் பேச்சின் குறிப்புகளைத் தர முடியுமா என்றும் கேட்டான். பதில் மறுநாள்தான் வந்தது. "என் தாத்தா பால் வெட்டினவர். பட்டணத்துப் பொண்ணுன்னு சொன்னதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது." கீழே நான்கு பக்கங்களின் படம்.

சங்கச் செயலாளர், பெற்றோர் கையெழுத்துப் போட்ட மனு வந்தால் மறுபடி கூட்டம் போடலாம் என்றார். கபிலன் யாழினியின் காரணங்களை வரிசை மாற்றாமல் எழுதினான். யாருடைய வாதம் இது என்று அவள் பெயரையும் மேலேயே போட்டான். முதல் கையெழுத்து அம்மா. அப்புறம் மோட்டாரை எடுத்துக்கொண்டு நேரே ராமையா மாமா வீட்டுக்குப் போனான். மற்ற வீடுகளுக்கு முதலில் போயிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

மாமா தாளை வாங்கவில்லை. "அன்னிக்கு மேடையில சொன்னது பொய்யா தம்பி?"

"பள்ளிக்கூடத்தத் தாத்தா பாட்டி கட்டுனது உண்மை மாமா. அத மூடணும்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்ல. சொன்னதா நான்தான் சொன்னேன். பதில் தெரியல, ஜெயிக்கணும்னு இருந்துச்சு."

"அதக் கேட்டுத்தான நான் கூட்டத்துல எழுந்தேன்."

"ஆமா மாமா. அதான் மொதல்ல இங்க வந்தேன்."

மாமா வெகுநேரம் திட்டினார். கபிலன் குறுக்கே பேசவில்லை. கடைசியில் தாளைப் பிடுங்கி, தூரத்தில் நீட்டிப் பிடித்து வாசித்தார். இரண்டாவது பத்தியில் விரல் நின்றது.

"மூணாம் ஆண்டுக்கும் நாலாம் ஆண்டுக்கும் ஒரே வாத்தியாரா? எப்போலேர்ந்து?"

"தம்பி நாலாம் ஆண்டு போனதுலேர்ந்து மாமா. அதுக்கு முன்னாடியும் அப்படித்தான்னு சொல்றாங்க."

"இத ஏன்டா கூட்டத்துல யாரும் சொல்லல? சரி, மேல வா. மத்ததையும் படி."