கோத்தகிரித் தேயிலை ஆலைக்கு 60 லட்சம்: பேபேக், நிதி வரம்புப் பயிற்சிக் கணக்குகள்

இறுதியாண்டு வணிகவியல் மாணவர்களுக்கு. விடைகளையும் சேர்த்தே தந்திருக்கிறேன். ஆனால் முதலில் கையால் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் விடைக்கு வாருங்கள். ஆலை கற்பனை, எண்களும் கற்பனை. தேவைகள் மட்டும் நம் ஊர் ஆலைகளில் பார்க்கிறவைதான்.

சூழல்

கோத்தகிரிக்கு அருகே, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி சி.டி.சி. தூள் தயாரிக்கும் ஆலை. குன்னூர் ஏலத்தில் தூளுக்குக் கிடைக்கும் விலையை வைத்துத்தான் விவசாயிக்கு இலை விலை தர முடியும். இந்த ஆண்டு புதிய முதலீட்டுக்கு நிர்வாகக் குழு ஒதுக்கியது 60 லட்சம் ரூபாய். கேட்டு நிற்கும் திட்டங்கள் ஐந்து:

| திட்டம் | முதலீடு (லட்சம்) | ஆண்டு நிகர வரவு (லட்சம்) |
|---|---|---|
| அ. புதிய ட்ரையர் | 24 | 5, 6, 8, 10, 12 |
| ஆ. கலர் சார்ட்டர் | 24 | 9, 9, 8, 6, 4 |
| இ. இலை வாட்டும் தொட்டிகளுக்குப் புது விசிறிகள் | 16 | 5.6 வீதம் 5 ஆண்டுகள் |
| ஈ. கூரையில் சோலார் | 30 | 6.4 வீதம் 10 ஆண்டுகள் |
| உ. இலை எடுக்க இரண்டு வண்டிகள் | 20 | 6.6 வீதம் 5 ஆண்டுகள் |

ட்ரையரின் வரவு ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் உண்டு. விறகு விலை ஏற ஏற மிச்சமும் கூடும். ஆலைக்கு வரும் இலையும் கூடும் என்று குழு நம்புகிறது. சார்ட்டர் முதலில் நன்றாகக் கொடுத்து, பழசாக ஆக இறங்குகிறது.

வட்டி விகிதம் 12%. காரணிகள்: 0.893, 0.797, 0.712, 0.636, 0.567. ஐந்து ஆண்டுகளின் கூட்டுக் காரணி 3.605, பத்து ஆண்டுகளுக்கு 5.650. வரி, தேய்மானம், கடைசியில் கிடைக்கும் பழைய இரும்பு விலை எதையும் சேர்க்க வேண்டாம்.

கேள்வி 1. ட்ரையர், சார்ட்டர் இரண்டுக்கும் பேபேக் காலமும் டிஸ்கவுன்ட் செய்த பேபேக் காலமும் காண்க. எதை எடுக்கலாம்?

*விடை.* சார்ட்டர்: இரண்டு ஆண்டுகளில் 18 வந்துவிடும். மீதி 6; மூன்றாம் ஆண்டில் வருவது 8. ஆகவே 2 + 6/8 = 2.75 ஆண்டுகள். ட்ரையர்: மூன்று ஆண்டுகளில் 19, மீதி 5, நான்காம் ஆண்டில் 10. ஆகவே 3.5 ஆண்டுகள்.

இனி ஒவ்வொரு வரவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டு வருவோம். சார்ட்டர்: 8.04 + 7.17 + 5.70 = 20.91. மீதி 3.09. நான்காம் ஆண்டில் 6 × 0.636 = 3.82. ஆகவே 3 + 3.09/3.82 = 3.81 ஆண்டுகள். ட்ரையர்: 4.47 + 4.78 + 5.70 + 6.36 = 21.31 என்று நான்கு ஆண்டுகள் போய்விடும். மீதி 2.69, ஐந்தாம் ஆண்டில் 6.80. ஆகவே 4.40 ஆண்டுகள்.

இரண்டு அளவுகோலும் சார்ட்டரைத்தான் சொல்கின்றன. இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். பேபேக் என்பது போட்ட பணம் எப்போது கைக்குத் திரும்பும் என்று மட்டும் சொல்லும்; திரும்பிய பிறகு வருவதை அது எட்டிக்கூடப் பார்க்காது. வட்டியைச் சேர்த்துப் பார்த்தாலும் இந்தக் குறை தீராது. ஐந்து ஆண்டுகளையும் கூட்டினால் ட்ரையரின் நிகர இன்றைய மதிப்பு 28.11 − 24 = 4.11 லட்சம். சார்ட்டருக்கு 26.99 − 24 = 2.99 லட்சம்தான். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ட்ரையர். பணம் கையில் இறுக்கம், மூன்று ஆண்டுகளில் வேறு கடன் கட்டவேண்டும் என்ற நிலையில் இருக்கும் ஆலை சார்ட்டரைக் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு. அப்படி எழுதினால் அந்தக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள், மதிப்பெண் தருவேன்.

கேள்வி 2. 60 லட்சத்துக்குள் எந்தெந்தத் திட்டங்கள்? (அ) எந்தத் திட்டத்திலும் ஒரு பகுதியை மட்டும் செய்ய முடியும் என்றால். (ஆ) முழுதாகத்தான் செய்ய முடியும் என்றால்.

*விடை.* மற்ற மூன்றின் நிகர மதிப்பு: விசிறி 5.6 × 3.605 − 16 = 4.19. சோலார் 6.4 × 5.650 − 30 = 6.16. வண்டி 6.6 × 3.605 − 20 = 3.79. போட்ட ஒரு ரூபாய்க்கு எவ்வளவு என்று வகுத்தால்: விசிறி 0.262, சோலார் 0.205, வண்டி 0.190, ட்ரையர் 0.171, சார்ட்டர் 0.125.

(அ) இந்த வரிசையிலேயே போங்கள். விசிறி 16, சோலார் 30, ஆக 46. மீதி 14 லட்சத்தை வண்டியில் போட்டால் 14/20 பங்கு; 0.7 × 3.79 = 2.65. மொத்தம் 13.00 லட்சம்.

(ஆ) வண்டியில் ஒரு பகுதியை மட்டும் யாரும் விற்க மாட்டார்கள். இங்கே வரிசை நம்மைக் கைவிடும். வரிசைப்படி விசிறி, சோலார் எடுத்தால் 10.35 லட்சம், 14 லட்சம் சும்மா கிடக்கும். அதை 12 சதவீதத்துக்கே போட்டு வைத்தாலும் நிகர மதிப்பு பூஜ்யம்தான். ஆகவே சேர்க்கைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை:

விசிறி + வண்டி + ட்ரையர்: 60 லட்சம், 12.09
விசிறி + வண்டி + சார்ட்டர்: 60 லட்சம், 10.97
விசிறி + சோலார்: 46 லட்சம், 10.35
சோலார் + ட்ரையர்: 54 லட்சம், 10.27
சோலார் + வண்டி: 50 லட்சம், 9.95

மற்றவை இவற்றைவிடக் குறைவு. ஆக விசிறி, வண்டி, ட்ரையர். தனியாக நிறுத்தினால் அதிக மதிப்புள்ள சோலார் வெளியே நிற்கிறது. 30 லட்சத்தை விழுங்கிக்கொண்டு பக்கத்தில் பொருத்தமான துணைக்கு இடம் விடாததுதான் காரணம். இதைப் பார்த்து ஆச்சரியப்படாத மாணவனை நான் இதுவரை பார்த்ததில்லை. கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள், விடை மாறாது.

கேள்வி 3. உறுப்பினர்கள் சேர்ந்து இன்னும் 6 லட்சம் திரட்டித் தரத் தயார் என்கிறார்கள். குழு ஏற்கலாமா? அந்த 6 லட்சத்துக்கு 12 சதவீதத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலாகத் தரலாம்?

*விடை.* 66 லட்சத்தில் விசிறி, சோலார், வண்டி மூன்றும் சரியாக அடங்கும்: 4.19 + 6.16 + 3.79 = 14.14. முன்பு 12.09. கூடுதல் 2.05 லட்சம். ஆக ஏற்கலாம். 12 சதவீதத்துக்கு மேல் தரும் கூடுதல் தொகையின் இன்றைய மதிப்பு 2.05 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஆலைக்கு நஷ்டமில்லை.

கேள்வி 4. மேலே சொன்ன விடையில், மழைமாதங்களில் மூடுபனி கவிவதால் சோலார் வரவு 15% குறைந்தால்?

*விடை.* 6.4 × 0.85 = 5.44. அதை 5.650 ஆல் பெருக்கினால் 30.74, நிகர மதிப்பு 0.74 மட்டும். அப்போது 66 லட்சத்துச் சேர்க்கை 4.19 + 0.74 + 3.79 = 8.72. பழைய 60 லட்சத்துச் சேர்க்கையின் 12.09 இதைவிட நன்று. கூடுதல் 6 லட்சம் தேவையே இல்லை. சோலாரின் ஆண்டு வரவு 30/5.650 = 5.31 லட்சத்துக்குக் கீழே போனால் திட்டமே நஷ்டம். அதாவது 17 சதவீதத்தைச் சற்றே தாண்டிய சரிவு போதும். பேனல் விற்பவர் சமவெளிக் கணக்கை நீட்டினால், கோத்தகிரியில் முன்பே பேனல் போட்டவரிடம் ஓராண்டு மீட்டர் பதிவை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் 6.4 என்ற எண்ணை எழுத வேண்டும்.

வீட்டுக்கு. ட்ரையர் விலை 27 லட்சமாக ஏறிவிட்டது, வரவில் மாற்றமில்லை. நிதி வரம்பு 60 லட்சமே. கேள்வி 2-இன் (ஆ) பகுதியை மறுபடி செய்து, எந்தச் சேர்க்கை வெல்கிறது என்று காட்டுக.